கலைச்சொல்: ‘ரெஃப்ரெஷ்’ என்பதற்குப் ‘புதுப்பி’ போதுமா? (தங்க விலை அட்டவணையை முன்வைத்து)

வேலூர், மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். லாங் பஜார் பக்கத்து நகைக்கடைக் கணக்கர்களுக்காக ஒரு கையேடு எழுதிவருகிறேன். வலைப்பக்கத்தில் உள்ள தங்க விலை அட்டவணையை லிப்ரெஆபிஸ் கால்க் தாளுக்குள் எடுத்து வைத்து, காலையில் கோப்பைத் திறந்ததும் அன்றைய விலை தானாக வந்து உட்காரும்படி செய்வதுதான் அதன் பாடம். இரண்டு சொற்களில் தடுக்கி நிற்கிறேன்.

முதலாவது ‘இம்போர்ட்’. இறக்குமதி என்று எழுதினேன். படித்துப் பார்த்த கணக்கர், “தங்கம் இறக்குமதிக்கும் இந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்து விலை இறங்கியது. அந்த மாதக் கணக்கை விளக்கும் பக்கத்தில் ‘இறக்குமதி’ இரண்டு பொருளில் வந்தால் யாருக்கும் புரியாது. அதனால் ‘கொணர்’ என்று மாற்ற நினைக்கிறேன்.

இரண்டாவது ‘ரெஃப்ரெஷ்’. எல்லோரும் ‘புதுப்பி’ என்கிறோம். நகைத்தொழிலில் புதுப்பிப்பது என்றால் பழைய நகைக்கு மெருகு போடுவது. ஆனாலும் என் தயக்கம் அதனால் அல்ல. ‘புதுப்பி’ என்றால் புதிதாகிவிடும் என்று சொல் வாக்குக் கொடுக்கிறது; மென்பொருள் அப்படி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. மறுபடி போய் எடுத்துவர முயல்கிறது, அவ்வளவுதான். எடுத்துவந்தது பழையதாகவே இருக்கலாம், எடுக்க முடியாமலும் போகலாம். ஆகவே ‘மறுகொணர்’, பெயர்ச்சொல்லாக ‘மறுகொணர்வு’. திறக்கும்போது நடப்பதற்குத் ‘திறப்பு மறுகொணர்வு’. உங்கள் கருத்து வேண்டும்.

ராணிப்பேட்டை, கல்லூரிக் கணினி ஆசிரியர்:

ஐயா, ‘புதுப்பி’ ஊரெல்லாம் பரவிவிட்டது. உலாவியிலும் கைபேசியிலும் அதைத்தான் பார்க்கிறார்கள். இன்னொரு சொல்லைக் கொண்டுவந்தால் மாணவர்களுக்குச் சுமை. தவிர, நீங்கள் சொல்லும் சிக்கல் எளிதில் தீரும். `Tools → Options → LibreOffice Calc → General` போய் `Update links when opening` என்பதில் `Always` கொடுத்துவிட்டால் கோப்பைத் திறந்ததும் விலை புதிதாகத்தானே வரும்? அப்புறம் ‘புதுப்பி’ என்பதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆற்காடு, மென்பொருள் தமிழாக்கக் குழுவில் பணி:

ஆசிரியர் சொன்னது பாதி சரி. `Always` மட்டும் போதாது. கோப்பு இருக்கும் கோப்புறையை நம்பகமான இடமாகவும் சேர்க்க வேண்டும். `Tools → Options → LibreOffice → Security → Macro Security…` போனால் `Trusted Sources` என்ற தத்தலில் அந்த இடம் இருக்கிறது. சேர்க்காவிட்டால் திறக்கும்போது மேலே ஒரு பட்டை வந்து, வெளி இணைப்புகள் தானாக மாறுவது நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும். `Allow updating` அழுத்தும்வரை தாளில் இருப்பது பழைய விலை. கடை திறக்கும் அவசரத்தில் அந்தப் பட்டையை யாரும் படிப்பதில்லை.

ஆபத்து என்னவென்றால், விலை வராதபோது கட்டம் காலியாக இருப்பதில்லை. கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் இதேதான். பக்கத்துக் கட்டத்தில் `=TODAY()` போட்டிருந்தால் தேதி மட்டும் இன்றைக்கு மாறிவிடும். நேற்றைய விலைக்கு இன்றைய தேதி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை 22 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; சவரன் எட்டு கிராம், 72,000. திங்கள் காலை கிராம் 9,060 ஆகிறது; சவரன் 72,480. இணைப்பு அறுந்த தாள் திங்கள் தேதியைக் காட்டிக்கொண்டே 72,000 சொல்லும். ஐந்து சவரன் ஆரத்துக்கு 2,400 ரூபாய் குறைத்து ரசீது போட்டிருப்பார்கள். கணக்கரைக் கேட்டால் “தாளைப் புதுப்பித்தேனே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, சொல் அவரை ஏமாற்றிவிட்டது. அதனால் நான் ‘மறுகொணர்’ பக்கம்.

குடியாத்தம், அடகுக்கடைக் கணக்கு:

அண்ணே, சொல் எதுவானாலும் சரி, எனக்கு ஒரு சந்தேகம். வலைப்பக்கத்து விலையில் சேதாரம், செய்கூலி சேர்ந்திருக்குமா? நான் அடகு மதிப்புக்கு முப்பது நாள் சராசரி போட வேண்டும். தினமும் திறக்கிறேன், விலையும் வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மீதி இருபத்தொன்பது நாள் எங்கே போயிற்று?

ஆற்காடு:

தம்பி, தினசரி அறிவிக்கும் விலையில் சேதாரமும் செய்கூலியும் இல்லை, 3 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. அவை ரசீதில் தனியாக ஏறுபவை.

இருபத்தொன்பது நாளும் எங்கும் போகவில்லை, அவற்றை யாரும் எழுதி வைக்கவே இல்லை. மறுகொணர்வு என்பது பழையதின் மேலேயே புதியதை வைப்பது. தினமும் ஒரு வரி சேர வேண்டுமென்றால் இன்னொரு தாளில் மதிப்பை மட்டும் ஒட்ட வேண்டும். விலைக் கட்டத்தை நகலெடுத்து, பதிவுத் தாளின் அடுத்த காலி வரியில் `Ctrl+Shift+V` அழுத்தி எண்ணை மட்டும் ஒட்டுங்கள். வாய்ப்பாட்டோடு ஒட்டினால் நாளைக்கு அதுவும் மாறிவிடும். தேதியைக் கையால் அடியுங்கள். எந்தத் தேதி? நீங்கள் கோப்பைத் திறந்த நாளை அல்ல, அந்த வலைப்பக்கம் விலைக்குக் கொடுத்திருக்கும் தேதியை. ஞாயிற்றுக்கிழமை திறந்தால் சனிக்கிழமை விலைதான் இருக்கும். அதை ஞாயிறு என்று எழுதினால் சராசரியில் சனி இரண்டு முறை ஏறும்.

மொழிபெயர்ப்பாளர் ஐயா, இதற்கும் ஒரு சொல் வேண்டும். மறுகொணர்வு வேறு, ‘பதிவு’ வேறு என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

ஆரணி, பட்டுக்கடைக் கணக்குகளுக்குத் தாள் அமைப்பவர்:

சொல்லைப் பற்றிப் பேசும்முன், விலை தாளுக்குள் சரியாக வருகிறதா என்று பாருங்கள். நடைமுறையில் மூன்று இடத்தில் உடைகிறது.

`Sheet → External Links…` திறந்து முகவரியை ஒட்டியதும் என்டர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கீழே பட்டியல் காலியாகவே இருக்கும், பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். பட்டியல் வந்தால் `HTML_all`, `HTML_tables`, `HTML_1`, `HTML_2` என்று இருக்கும். எண் போட்டவை ஒவ்வொன்றும் ஓர் அட்டவணை. தங்க விலை எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தளம் நாளைக்கு மேலே இன்னொரு அட்டவணை சேர்த்தால் `HTML_2` என்பது வெள்ளி விலையாக மாறிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே எண்ணை மட்டும் எடுக்காமல் தலைப்பு வரியோடு எடுத்து, ‘22’ என்ற எழுத்து அங்கே இருக்கிறதா என்று வாய்ப்பாடு வைத்துச் சோதியுங்கள்.

சில பக்கங்களில் பட்டியல் வரும், உள்ளே விலை மட்டும் இருக்காது. உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து `Ctrl+U` அழுத்தி, மூல வரிகளில் விலை எண்ணைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பக்கம் திறந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிரப்புகிறது என்று பொருள். கால்க் அதை ஓட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை முறை மறுகொணர்ந்தாலும் வராது. வேறு தளம் தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, விலை எண்ணாக வராமல் எழுத்தாக வருவது. கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நின்றால் அது எழுத்து. ரூபாய்க் குறி, காற்புள்ளி, கண்ணுக்குத் தெரியாத பிரியா இடைவெளி மூன்றும் காரணம். `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இப்படி உரித்தெடுக்கலாம்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,"₹",""),",",""),UNICHAR(160),"")))
```

சொல்லைப் பொறுத்தவரை ‘கொணர்’ நல்ல சொல். ‘மறுகொணர்வு’ வாயில் நுழைய மறுக்கிறது. ‘மறுபடி எடு’ என்றால் என்ன குறை? பட்டு நெய்பவருக்கும் புரியும்.

ராணிப்பேட்டை:

நம்பகமான இடத்தைச் சேர்த்துப் பார்த்தேன், பட்டை வருவது நின்றது. ஆற்காட்டு நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆரணிக்காரர் சொன்ன `External Links` பெட்டியில் `Update every` என்று நொடிக் கணக்கும் இருக்கிறதே, அதில் 60 போட்டுவிட்டால் விலை பழையதாகவே இருக்காதே?

ஆற்காடு:

வேண்டாம் சார். ஆபரணத் தங்க விலை நாளுக்கு ஒரு முறை, சில நாட்களில் காலை மாலை என இரண்டு முறை மாறுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டினால் அவர்கள் உங்கள் முகவரியைத் தடுத்துவிடலாம். மாலை விலை வேண்டுமென்றால் `Edit → Links to External Files…` போய் கையால் ஒருமுறை `Update` கொடுங்கள், போதும்.

இதில் ‘திறப்பு’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். எக்செலில் வினவலின் `Properties` பெட்டியில் `Refresh data when opening the file` என்றே ஒரு தெரிவு உண்டு. அங்கே ‘திறப்பு மறுகொணர்வு’ அப்படியே பொருந்தும். கூகுள் ஷீட்ஸில் `IMPORTHTML` வேறு விதம். கோப்பு திறந்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை அதுவே போய்ப் பார்க்கும். அதற்குத் ‘திறப்பு’ பொருந்தாது, ‘மணி மறுகொணர்வு’ என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குடியாத்தம்:

நன்றி அண்ணே. பதிவுத் தாள் இன்றைக்கு ஆரம்பித்தாயிற்று. அதில் ஒரே நாளுக்குக் காலை விலை, மாலை விலை இரண்டும் எழுதட்டுமா, சராசரிக்கு எதை எடுப்பது?

வேலூர்:

தம்பி, இரண்டு பத்தியாக எழுதுங்கள். சராசரிக்கு மாலை விலை, மாறாத நாளில் காலை விலை. எதை எடுத்தாலும் முப்பது நாளும் ஒரே முறையாக இருக்க வேண்டும்.

கையேட்டில் இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். ‘இம்போர்ட்’ என்பதற்குக் ‘கொணர்’. இதை யாரும் மறுக்கவில்லை. விளக்கப் பத்திகளில் ‘மறுகொணர்வு’, பொத்தானின் பெயராக ஆரணிக்காரர் சொன்ன ‘மறுபடி எடு’. அடைப்பில் ஒரே ஒரு முறை ‘புதுப்பி’ என்று குறித்துவிடுகிறேன், ஏனென்றால் திரையில் அதைத்தான் பார்ப்பார்கள். ‘கடைசியாக எடுத்த நேரம்’, ‘விலையின் தேதி’ இரண்டையும் தனித்தனிக் கட்டமாகவே படத்தில் காட்டப்போகிறேன்.

ராணிப்பேட்டை:

ஒரே செயலுக்கு விளக்கத்தில் ஒரு சொல், பொத்தானில் ஒரு சொல், அடைப்பில் மூன்றாவது என்றால் தேர்வில் மாணவர் எதை எழுதுவார்? ‘மறுகொணர்’ சரியான பொருள் தருகிறது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் பொத்தானிலும் அதுவே இருக்கட்டும். இதை இன்னொரு முறை பேச வேண்டும்.