சுருக்கியதும் படம் ஏறியது. ஆனால் அளவுதான் காரணமா?

கயல்விழி
ஒரு விண்ணப்பப் படிவத்தில் என் ஒளிப்படத்தை ஏற்ற முயன்றபோது, "பதிவேற்றம் தோல்வி" என்ற ஒற்றை வரிக்கு மேல் அந்தத் தளம் எதுவும் சொல்லவில்லை. வரம்பு 5 எம்பி என்று எழுதியிருந்தார்கள். என் படமோ 2.1 எம்பிதான். வேறு வழி தெரியாமல், ஒரு செயலியில் அதை 800 கேபியாகச் சுருக்கி, பக்கத்தை மறுபடி திறந்து ஏற்றினேன், உடனே ஏறிவிட்டது. வரம்புக்குள் இருந்த படத்தை ஏன் மறுத்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

முத்துவேல்
அளவுதான் காரணம், ஐயமே வேண்டாம். படிவத்தில் 5 எம்பி என்று எழுதியவர் ஒருவராகவும் சர்வரை அமைத்தவர் இன்னொருவராகவும் இருப்பார்கள். nginx சர்வரில் `client_max_body_size` என்ற அமைப்பை யாரும் தொடாமல் விட்டால் வரம்பு 1 எம்பிதான். 2.1 ஏறவில்லை, 0.8 ஏறியது என்றால் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

செந்தாமரை
முத்துவேல் ஐயா சொல்லும் 1 எம்பி வரம்பு உண்மையானது. நானே அதில் மாட்டியிருக்கிறேன். ஆனால் கயல்விழி ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டார். அளவு குறைந்தது, சுருக்கும் செயலிகள் பெரும்பாலும் ஜேபெக்காகச் சேமிப்பதால் வடிவமும் மாறியிருக்கலாம், பக்கத்தை மறுபடி திறந்ததால் பதிவேற்ற இணைப்பும் புதிதாகிவிட்டது. இம்மூன்றில் எது பலித்தது என்று இப்போது சொல்ல இயலாது. மூலக் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பிறகு 2 எம்பிக்கு மேற்பட்ட வேறொரு ஜேபெக் படத்தையும் அந்த மூலக் கோப்பையும், ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, தனித்தனியே ஏற்றிப் பாருங்கள். கணினியில் செய்தால் F12 அழுத்தி Network பகுதியில் Status என்பதன் கீழ்த் தோன்றும் சர்வரின் பதில் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கயல்விழி
செய்து பார்த்தேன். 3 எம்பி ஜேபெக் தடையின்றி ஏறியது. மூலக் கோப்பு IMG_4127.HEIC, அதை ஏற்றியபோது பட்டை கடைசிவரை ஓடி முடிந்த பிறகே மறுப்பு வந்தது, எண் 415. பெயரை மட்டும் IMG_4127.jpg என்று மாற்றியும் முயன்றேன், அதே 415.

செந்தாமரை
அப்படியானால் உங்கள் சிக்கல் வடிவம்தான். 415 என்றால் இந்த வகைக் கோப்பை ஏற்க மாட்டேன் என்று சர்வர் சொல்கிறது. சர்வர் பெயரை நம்பாமல் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்த்திருக்கிறது. ஜேபெக் எப்போதும் FF D8 FF என்று தொடங்கும்; ஐபோன் சேமிக்கும் ஹெய்க், அதாவது HEIC, கோப்பின் தொடக்கத்தில் ftypheic போன்ற எழுத்துகள் இருக்கும். பெயரை மாற்றுவது மேலட்டையை மாற்றுவது போலத்தான். ஐபோனில் Settings, Camera, Formats என்று சென்று Most Compatible என்பதைத் தேர்ந்தால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும். பழைய படங்கள் மாறா.

அளவு மீறியிருந்தால் பெரும்பாலும் 413 வரும். கோப்பின் அளவு கோரிக்கையின் தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால், பட்டை முடியும் முன்பே சர்வர் மறுத்துவிடக்கூடும். சில வேளைகளில் எண்ணே தெரியாமல் இணையத் தொடர்பு அறுந்ததாக மட்டும் உலாவி காட்டும், அது ஏமாற்றும்.

இணைப்பு காலாவதியாவதை நான் கண்டுபிடித்த கதை வேறு. நாங்கள் பயன்படுத்திய பதிவேற்ற முகவரியில் `X-Amz-Expires=900` என்று இருந்தது, அதாவது 15 நிமிடம். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் படங்களைத் தேடி அடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் 403 வந்தது. பதிலைத் திறந்தால் காரணம் வெளிப்படையாகவே எழுதியிருந்தது:

```
<Code>AccessDenied</Code>
<Message>Request has expired</Message>
```

அவர்களும் படத்தைச் சுருக்கி, பக்கத்தைத் திறந்து, "சுருக்கினால் ஏறுகிறது" என்றே நம்பியிருந்தார்கள்.

இளமாறன்
எனக்கும் இதே தொல்லை. மின்னஞ்சலில் அனுப்பிய படத்தின் இணைப்பு ஒரு வாரத்தில் திறக்காமல் போய்விட்டது. ஜேபெக்காக மாற்றி ஏற்றினால் நிலைக்குமா?

செந்தாமரை
உங்கள் படம் ஏறிவிட்டது ஐயா. அதைக் காணத் தரும் இணைப்புதான் முடிந்திருக்கிறது. வடிவத்தை மாற்றிப் பயனில்லை. புதிய இணைப்பை எடுத்து அனுப்புங்கள்.

முத்துவேல்
கயல்விழியின் படத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் அளவு வேறு வேடத்திலும் வரும் என்பதைச் சொல்ல வேண்டும். பிஎச்பியில் எழுதிய தளங்களில் படிவம் முழுவதற்குமான `post_max_size` என்ற வரம்பு இயல்பாக 8 எம்பி. அதைத் தாண்டினால் படிவத்தின் எல்லாப் புலங்களும் வெறுமையாகவே போய்ச் சேரும். பாதுகாப்புக்காக வைத்த டோக்கனும் அவற்றோடு காணாமல் போகும். எங்கள் தளம் 11 எம்பி படத்துக்கு "படிவம் காலாவதியானது" என்று சொன்னது. பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தும் அதே செய்தி வந்ததால்தான் காலம் காரணமில்லை என்று பிடிபட்டது.

பூங்குழலி
என்னுடையது 600 கேபி ஜேபெக், பக்கமும் புதிதாகத் திறந்ததே, ஆயினும் ஏறவில்லை. அச்சகத்திலிருந்து வாங்கிய படம். கைப்பேசி மட்டுமே இருப்பதால் எண் எதையும் பார்க்க முடியவில்லை.

செந்தாமரை
அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் சேமித்த படமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. அந்தப் படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதை ஜேபெக்காக மாற்றி ஏற்றிப் பாருங்கள். அதுவும் ஏறாவிட்டால் படத்தின் மீது குற்றமில்லை.