கடைசிப் பந்தி எல்லாவற்றையும் விளக்குகிறது, வெட்டினால் ஒன்றும் விளங்கவில்லை: ஒரு சிறுகதைக்கு உதவி வேண்டும்

இணுவில்_தங்கை

வணக்கம். ஏறக்குறைய 1400 சொல்லில் ஒரு சிறுகதை எழுதி வைத்திருக்கிறேன், முடிவில் மாட்டிக்கொண்டு இரண்டு கிழமையாக நிற்கிறேன்.

கதை இதுதான். அப்பா இல்லாத வீடு. அம்மா, கதை சொல்லும் மகள், தம்பி என்று மூன்று பேர். மூத்தவன் 1996இல் சைக்கிளில் வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அம்மா பால்பேணியால் அரிசி அளப்பாள், தலைக்கு ஒரு சுண்டு என்பது அவளுடைய கணக்கு. பல வருடம் கழித்து அம்மா செத்துப்போகிறாள். அந்தியேட்டி முடிந்த மறுநாள் மகள் குசினிக்குள் போய் அரிசி அளக்கிறாள். நான் எழுதிய முடிவு:

"பேணியைப் பானைக்குள் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை தானாக அளந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அம்மா இத்தனை வருடமாக அளந்தது அரிசியை அல்ல, நம்பிக்கையை. அண்ணா ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வருவான் என்ற அந்த நம்பிக்கைதான் எங்கள் வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது. இனி அந்தக் காத்திருப்பு என்னுடையது. காத்திருப்பதும் அன்பின் ஒரு வடிவம்தானே."

வாசித்த சிநேகிதி ஒருத்தி, "எனக்கு அழுகை வருகிற நேரம் பார்த்து நீ வந்து ஏன் அழவேண்டும் என்று சொல்லிவிட்டாய்" என்றாள். சரி என்று "அப்போதுதான்" தொடக்கம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இன்னொருத்திக்குக் கொடுத்தேன். அவள் கேட்டது: "ஏன் நாலு? வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்களா?"

விளக்கினால் கெடுகிறது, விளக்காவிட்டால் விளங்கவில்லை. என்ன செய்வது?

பனங்கூடல்

வெட்டினது சரி, அப்படியே விடுங்கள். "புரிந்தது", "உணர்ந்தேன்", "விளங்கியது" என்று வரும் இடத்துக்கு முந்தின வசனத்தோடு கதை முடிந்துவிட்டது, நான் எப்போதும் அப்படித்தான் வெட்டுகிறேன். இரண்டாவது சிநேகிதிக்கு விளங்கவில்லை என்றால் அது அவருடைய வாசிப்பு. எல்லாருக்கும் விளங்க எழுத வெளிக்கிட்டால் திரும்பவும் அதே பந்திதான் வந்து நிற்கும்.

வடமராட்சிப்_பெடியன்

முடிவு சப்பென்று இருக்கிறது என்பதுதானே பிரச்சினை? அக்கா, அவள் நாலாவது சுண்டை அளக்கிற நேரம் படலை திறக்கிற சத்தம் கேட்கட்டும். வந்தது யார் என்று சொல்லாமல் முடியுங்கள். வாசகர் எதிர்பார்க்கமாட்டார்.

இணுவில்_தங்கை

தம்பி, நான் கேட்டது திருப்பம் இல்லை. யாரும் வராத வீடு அது, படலைச் சத்தம் கேட்டால் வேறு கதையாகிவிடும். முடிவில் நடப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அதன் அர்த்தத்தை நானே சொல்லிவிடுகிறேன் என்பதுதான் என் பிரச்சினை.

பழைய_கைப்பிரதி

தங்கச்சி, நான் 20 வருடத்துக்கு மேல் சிற்றிதழ்களுக்குக் கதைகள் திருத்திக் கொடுத்தவன். பனங்கூடல் சொன்னது பாதி சரி. அந்தப் பந்தி போகத்தான் வேண்டும், ஆனால் அது செய்துகொண்டிருந்த வேலையையும் பாருங்கள். அதில் இரண்டு வகைச் சாமான் கலந்து கிடக்கிறது. ஒன்று செய்தி, மற்றது அர்த்தம். "அம்மா அளந்தது நம்பிக்கையை" என்பது அர்த்தம், அதை வாசகர் தானே எடுத்துக்கொள்வார். ஆனால் மூன்று பேர் இருக்கிற வீட்டில் அம்மா ஒவ்வொரு நாளும் நாலு சுண்டு போட்டாள் என்பது செய்தி. அதை யாராலும் ஊகிக்க முடியாது, நீங்கள்தான் கொடுக்கவேண்டும். அம்மாவின் நாலு கதையில் வேறு எங்காவது வருகிறதா?

இணுவில்_தங்கை

திரும்பிப் போய்ப் பார்த்தேன். இல்லை. "அம்மா அரிசி அளப்பாள்" என்று மூன்று இடத்தில் இருக்கிறது, எண் ஒரு இடத்திலும் இல்லை. என் தலைக்குள் இருந்தபடியால் கதையிலும் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பழைய_கைப்பிரதி

அதுதான். உங்கள் இரண்டாவது சிநேகிதி சரியாகத்தான் வாசித்திருக்கிறார். கடைசியில் விளக்கம் எழுதும்போது, முன்னுக்கு எதையோ வைக்க மறந்திருக்கிறோம் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் எல்லாவற்றையும் கொண்டுவந்து முடிவில் கொட்டுகிறது. அந்தப் பந்தியை ஒவ்வொரு வசனமாக எடுத்து, இது கதையில் முன்பே வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்திருந்தால் வெட்டுங்கள். வராமல் இருந்து, அது செய்தியாகவும் இருந்தால், முன்னுக்கு நகர்த்துங்கள். அர்த்தமாக இருந்தால் எங்கேயும் நகர்த்தவேண்டாம்.

எங்கே நகர்த்துவது என்பதில் கவனம் வேண்டும். நாலு சுண்டும் அண்ணாவும் ஒரே பந்தியில் வந்தால் அதுவும் விளக்கம்தான், இடம் மட்டும் மாறியிருக்கும். அண்ணா என்று ஒருவன் இருந்தான் என வாசகருக்குத் தெரிய முதலே நாலு வந்துவிடவேண்டும், அதுவும் வேறு ஒரு சாதாரண காரணத்தோடு. உதாரணத்துக்கு, சின்னம்மா வந்திருக்கும்போது, "மூன்று பேருக்கு ஏன் நாலு சுண்டு, அரிசி விற்கிற விலையில்?" என்று கேட்கட்டும். அம்மா, "மிஞ்சினால் காகம் தின்னும்" என்று சொல்லிவிட்டு அரிக்கஞ்சட்டியை எடுக்கட்டும். வாசகர் அம்மாவை ஒரு தாராளமான மனுஷி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு பக்கம் தள்ளி அண்ணாவைப் பற்றி வரும்போது அவரே திரும்பிப் போய்க் கழித்துப் பார்ப்பார். அந்தக் கணக்கை அவர் செய்ய நீங்கள் விடவேண்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அம்மா செத்தபிறகு வீட்டில் எத்தனை பேர்?

இணுவில்_தங்கை

இரண்டு பேர். நானும் தம்பியும். கதையில் வரும் நான்.

பழைய_கைப்பிரதி

பிறகு ஏன் நாலு? "கை தானாக அளந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அது பழக்கம். பழக்கத்தில் மகளின் முடிவு ஒன்றும் இல்லை. இல்லாத முடிவை நிரப்பத்தான் "இனி அந்தக் காத்திருப்பு என்னுடையது" என்று சொல்லவேண்டி வந்தது. அவளை மூன்று அளக்கவிடுங்கள்.

இணுவில்_தங்கை

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி முற்றத்தில் நடந்தேன். அம்மாவின் சாம்பல் கீரிமலையில் கரைத்தாகிவிட்டது, அவளுடைய சுண்டு குறைகிறது. அண்ணாவுக்கு எந்தக் கிரியையும் செய்யவில்லை, அவனுடையது குறையவில்லை. இதை நான் யோசித்து எழுதவில்லை, ஆனால் கதை இதுதான்.

பழைய_கைப்பிரதி

இப்போது சொன்னதைக் கதையில் எழுதிவிடாதீர்கள். கீரிமலைக்குப் போனதை மட்டும் ஒரு வரியில் முன்னுக்கு வையுங்கள், அது செய்தி.

மேடைக்காரன்

என் அனுபவம் நேர்மாறு. ஒரு போட்டிக்குக் கதை அனுப்பினேன், விளக்கம் ஒன்றும் வைக்காமல். "கதை முடியவில்லை" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே கட்டுரைக்கு முடிவுரை, கதைக்குப் படிப்பினை என்று பழக்கிவிட்டு, நடுவர்களும் அதையே தேடுகிறார்கள். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் தங்கச்சி யோசித்துச் செய்யவேண்டும்.

பழைய_கைப்பிரதி

உங்கள் கதையை வாசிக்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் விளக்காமல் முடிப்பது வேறு, முடிக்காமல் விடுவது வேறு. மகன் கடிதத்தைப் பிரிக்கப் போகிற இடத்தில் நிறுத்தினால் முடிக்கவில்லை. பிரித்து வாசித்து மடித்துத் தலையணைக்குக் கீழ் வைத்தால், அவன் என்ன நினைத்தான் என்று சொல்லாவிட்டாலும் முடிந்துவிட்டது. உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை பாருங்கள்.

மேடைக்காரன்

பிரிக்கப் போகிற இடத்தில் நிறுத்தின வகைதான். திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

இணுவில்_தங்கை

திருத்திய முடிவு:

"அந்தியேட்டி முடிந்த மறுநாள் குசினிக்குள் போனேன். தம்பி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பானையைத் திறந்து பேணியை விட்டேன். ஒன்று. இரண்டு. வெறும் பேணியை ஒரு கணம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மூன்றாவதையும் அளந்து அரிக்கஞ்சட்டிக்குள் கொட்டினேன். வெளியே ஒரு காகம் யாரையோ தேடுவதுபோலக் கரைந்தது. அதுவும் பசியோடுதான் இருந்தது."

பழைய_கைப்பிரதி

எண்கள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் விளக்கம் வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. நெஞ்சோடு அணைப்பது "நான் கவலையாக இருக்கிறேன்" என்று உடம்பால் சொல்வது. அரிசி அளக்கிற ஆள் பேணியைத் தட்டி மட்டம் பார்ப்பாள், அதையே செய்யட்டும். காகம் முன்பு சின்னம்மாவோடு வந்தபோது உண்மையான காகம். இங்கே "யாரையோ தேடுவதுபோல" என்று எழுதின உடனே அது நீங்கள் அனுப்பிய ஆள்.

"அதுவும்" என்பதில் உள்ள "உம்", "பசியோடுதான்" என்பதில் உள்ள "தான்" இரண்டையும் பாருங்கள். தமிழில் விளக்கம் பெரும்பாலும் இந்தச் சின்ன ஒட்டுகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். முதலில் எழுதிய பந்தியில் "அப்போதுதான்", "நம்பிக்கைதான்", "வடிவம்தானே" என்று மூன்று இருந்தன. கடைசிப் பத்து வரியிலும் "தான்" எங்கே வருகிறது என்று கீறிப் பாருங்கள், நீங்கள் எங்கெங்கே வாசகரின் தோளைத் தட்டுகிறீர்கள் என்று தெரியும். எங்களுடைய வசனத்தில் வினை கடைசியில் வருவதால் கதையின் பாரமும் அந்தக் கடைசி வினையில்தான் இறங்கும். "புரிந்தது" என்று முடிவதற்கும் "கொட்டினேன்" என்று முடிவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மதுரை_வாசகி

ஒரு சந்தேகம். நான் மதுரையில் இருந்து வாசிக்கிறேன். 1996இல் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை என்றதும் வெளிநாடு போய்விட்டார், தொடர்பு இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது சுண்டு அப்போது கோபமாகவும் இருக்கலாம் அல்லவா?

பனங்கூடல்

96 என்றால் இங்கே யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் விளங்கும். ஆமிச் சென்றியடியில் சைக்கிள் கிடந்தது என்று ஒரு வரி போதும். வெளியில் இருப்பவர்களுக்காக மேலும் எழுதினால் எங்களுக்கு அது விளக்கம்.

பழைய_கைப்பிரதி

இதில் எனக்கும் முழுத் தெளிவு இல்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பிடிபட்டுக் காணாமல் போனார்கள், இங்குள்ளவருக்கு வருடமே செய்தி. மதுரையில் வாசிப்பவருக்கு அது வெறும் எண். அம்மா அண்ணாவின் படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போனாள் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் போகும் என்று நினைக்கிறேன், அது நடந்த காரியம், விளக்கம் அல்ல. ஆனால் பனங்கூடலின் காதுக்கு அது கூடுதலாகப் படலாம்.

பனங்கூடல்

பை சரி. எத்தனை வருடம் போனாள் என்று எண்ணிச் சொல்லாவிட்டால் சரி.

இணுவில்_தங்கை

இன்று காலை எழுதியது:

"அந்தியேட்டி முடிந்த மறுநாள் குசினிக்குள் போனேன். தம்பி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பானையைத் திறந்து பேணியை விட்டேன். ஒன்று. இரண்டு. பேணியைத் தட்டி மட்டம் பார்த்து மூன்றாவதையும் அரிக்கஞ்சட்டிக்குள் கொட்டினேன். தம்பி துவாயோடு வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். 'அடுப்பை மூட்டட்டா?' என்றான்."

சின்னம்மாவின் கேள்வியை இரண்டாம் பக்கத்தில் வைத்தேன், பையை ஐந்தாம் பக்கத்தில். கதையை முன்பு வாசிக்காத ஒரு அக்காவிடம் கொடுத்து, பிடித்ததா என்று கேட்காமல், கடைசியில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். "அவள் அண்ணாவுக்கும் போட்டாள், தம்பி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

பனங்கூடல்

நான் என்றால் "கொட்டினேன்" உடன் நிறுத்துவேன். தம்பி வந்து பார்ப்பது வாசகருக்கு அந்த எண்ணைத் திரும்பக் காட்டுவது.

பழைய_கைப்பிரதி

எனக்குத் தம்பி வேண்டும். அவன் கேட்காமல் விடுவது அவனுடைய கணக்கு. "எட்டிப் பார்த்தான்" மட்டும் கொஞ்சம் கூடுதல், "வந்தான்" என்று மட்டும் இருந்தால் போதுமா என்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

இணுவில்_தங்கை

வாசித்தேன். "வந்தான்" என்று மட்டும் வைத்தால் அவன் கண்டானா இல்லையா என்று தெரியவில்லை. அதையும் இன்னொருவரிடம் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும்.