உறுபசி, உறுபொருள், உறுமீன்: ‘உறு’ எங்கே வினை, எங்கே உரி?

தேர்வுக்காரி:
“உறுபசியும் ஓவாப் பிணியும்” குறளில் உறுபசி உரிச்சொற்றொடர் என்று படித்திருக்கிறேன். மாதிரித் தேர்வில் “உறுபொருளும் உல்கு பொருளும்” குறளைக் கொடுத்து, உறுபொருளுக்கு இலக்கணக் குறிப்பு கேட்டார்கள். அதே உறு, அதனால் உரிச்சொற்றொடர் என்று எழுதினேன். விடைக்குறிப்பில் வினைத்தொகை என்று இருக்கிறது. விடைக்குறிப்பு தப்பா, இல்லை ஒரே சொல் இடத்துக்கு இடம் மாறுமா?

நாலாம்பத்தி:
விடைக்குறிப்பு தப்பு. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆறும் மிகுதிப் பொருள் தரும் உரிச்சொற்கள் என்று நன்னூல் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் தொல்காப்பியம் உறு, தவ, நனி மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. பட்டியலில் இருக்கிற சொல் உரிச்சொல். குறளுக்குக் குறள் அது வேஷம் மாற்றினால், பட்டியல் எதற்கு? உறுபொருள் என்றால் மிகுந்த பொருள், அவ்வளவுதான். மதிப்பெண்ணுக்கு முறையீடு செய்யுங்கள்.

சந்திப்புலி:
விடைக்குறிப்பு சரி. எளிய வழி ஒன்று இருக்கிறது, ஒற்றைப் பாருங்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுசோறு, ஊறுகாய். உரிச்சொல்லுக்குப் பின்னால் மிகும்: சாலச் சிறந்தது, தவச் சிறிது. உறுபொருளில் ‘ப்’ இல்லை. ஆக வினைத்தொகை. பொருளைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

ஓலைக்கட்டு:
சந்திப்புலி சொன்ன முதல் பாதி சரி, வினைத்தொகையில் மிகாது. இரண்டாம் பாதி எல்லா உரிச்சொல்லுக்கும் பொருந்தாது. சால, தவ போன்றவற்றின் பின் மிகும். ஆனால் ‘நனிபேதை’ என்றுதான் சொல்கிறோம், ‘நனிப்பேதை’ என்று யாரும் எழுதுவதில்லை. நனி சந்தேகமே இல்லாத உரிச்சொல். உறுபசியிலும் ‘ப்’ இல்லை. உங்கள் சோதனைப்படி அதுவும் வினைத்தொகை ஆகிவிடும். ‘உறு’வைப் பொறுத்தவரை சந்தி வாயே திறக்காது.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆறில் உறு, கூர், கழி மூன்றும் வினையடியாகவும் இருக்கின்றன. உற்றான், கூர்ந்தான், கழிந்தது என்று முற்று வருகிறது அல்லவா? கழிபேருவகை என்னும்போது கழி உரிச்சொல். கழிநாள் என்றால் கழிந்த, கழிகின்ற, கழியும் நாள், அதாவது வினைத்தொகை. பட்டியல் சொல்வது “இந்தச் சொல் மிகுதிப் பொருளில் வரும்போது உரி” என்பதுதான். அந்த எழுத்துக்கூட்டம் எங்கே தலைகாட்டினாலும் உரி என்று அது சொல்லவில்லை.

இனி குறள் 756: “உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்.” அரசனுக்குப் பொருள் வரும் வழிகளை எண்ணிக் காட்டுகிற குறள் இது. உல்கு என்றால் சுங்கம். தெறுபொருள், பகைவரை வென்று திறையாகக் கொள்வது. இரண்டும் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கின்றன, எவ்வளவு வந்தது என்று சொல்லவில்லை. முதலாவதை மட்டும் ‘மிகுந்த பொருள்’ என்றால் வரிசை கெடுகிறது. உடையவர் இல்லாததால் தானே வந்து சேர்ந்த பொருள் என்பது பரிமேலழகர் உரை. புதைத்தவர் இறந்து, நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து பிறகு அகப்பட்டது, உரிமைத் தாயத்தார் பெறாமல் போனது ஆகியவை அதில் அடங்கும். அரசனிடம் வந்து உற்ற பொருள் என்பதால் அது வினைத்தொகை.

கடைசிப்பெஞ்ச்:
எனக்கும் இதே கதைதான். “மிக நல்ல பாடல்” என்ற வாக்கியத்தில் ‘மிக’ எவ்வகைச் சொல் என்று கேட்டார்கள், உரிச்சொல் என்று எழுதினேன், அரை மதிப்பெண் போனது. மிகுதி காட்டும் சொல்தானே அது? இதற்கும் யாராவது ஒரு முடிவு சொல்லுங்கள்.

அப்புறம் மேலே உள்ள கேள்விக்கு என் பதில்: ‘உறுபொருளும்’ எண்ணும்மை. இதில் என்ன சண்டை என்றே புரியவில்லை.

தேர்வுக்காரி:
உம்மையைக் கேட்கவில்லைங்க. ‘உறுபொருள்’ என்பது வரைக்கும்தான் அடிக்கோடு இருந்தது.

ஓலைக்கட்டு:
கடைசிப்பெஞ்ச் தெரியாமல் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். ‘உறுபொருளும்’ என்ற ஒரே சொல்லுக்குள் உறு வினையடி, பொருள் பெயர், உம் இடைச்சொல். கோடு ‘உம்’ வரை நீண்டிருந்தால், அடுத்து ‘உல்கு பொருளும்’, ‘தெறுபொருளும்’ என்று வரிசையாக வருவதைக் காட்டி எண்ணும்மை என்று எழுதுவதில் தவறில்லை. கோடு ‘பொருள்’ என்பதோடு நின்றால், கேள்வி தொகையைப் பற்றியது. வினாத்தாளில் கோடு எங்கே முடிகிறது என்பதைப் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

இதே குறளில் இன்னொரு குழி இருக்கிறது. உறு, உல்கு, தெறு மூன்றும் உகரத்தில் முடிந்து பொருளோடு சேர்கின்றன. ஓசையை மட்டும் நம்பி மூன்றையும் வினைத்தொகை என்று எழுதிவிடுவார்கள். உல்கு பெயர்ச்சொல். உல்கினான், உல்குகிறான் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. உல்காகிய பொருள் என்று விரியும், அதனால் இருபெயரொட்டு.

நாலாம்பத்தி:
ஐயா, அப்படியானால் உறுபசியையும் உற்ற பசி, உறுகின்ற பசி, உறும் பசி என்று விரிக்கலாமே! மூன்று காலமும் பொருந்துகிறது. அதை மட்டும் ஏன் உரிச்சொல் பக்கம் தள்ளுகிறீர்கள்? உங்களுக்கு வேண்டிய இடத்தில் வினை, வேண்டாத இடத்தில் உரி என்றால் அது இலக்கணமா, கட்டப்பஞ்சாயத்தா?

ஓலைக்கட்டு:
நியாயமான கேள்வி. காலத்தை விரித்துப் பார்க்கும் சோதனை உல்கு மாதிரிச் சொற்களை வடிகட்ட உதவும். உறு ஏற்கெனவே வினையாகவும் இருப்பதால் அந்தச் சோதனையில் எப்போதும் தேறிவிடும். ஆக, விரிந்த பிறகு வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

734: “உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேராது இயல்வது நாடு.” வினையாக விரித்தால், வந்து சேரும் பசி சேராத நாடு என்றாகிறது. சேர்வது என்ற செய்தி ‘சேராது’ என்பதில் இருக்கும்போது ‘உறு’ வெறும் சுமை. அதைவிட முக்கியமான ஒன்று: பசி வராத நாடு எது? மனிதர் இருக்கிற இடமெல்லாம் நாளுக்கு மூன்று வேளை பசிக்கத்தான் செய்யும். மிக்க பசி, அதாவது பட்டினி, இல்லாததுதான் நாடு. மிகுதிப் பொருளை எடுத்துவிட்டால் குறளே விழுந்துவிடும். அதே அடியில் பகைக்கு முன்னால் நிற்கும் ‘செறு’ வினை. செறுபகை என்றால் அழிக்கும் பகை.

நான் வைத்துக்கொள்ளும் இன்னொரு வழி, எதிர்மறையாக்கிப் பார்ப்பது. வினையென்றால் எதிர்மறை வரும். அரசனை வந்து உறாத பொருள் என்றால், உறுபொருளுக்கு நேர் எதிரான ஒன்று கிடைக்கிறது. உறாத பசி என்றால்? பசியே வரவில்லை என்று ஆகிறது. மிக்க பசிக்கு எதிர் அது இல்லையே, கொஞ்சம் பசிதானே எதிர். நனிக்கு இப்படி எதிர்மறை ஆக்கவே முடியாது.

சந்திப்புலி:
நனியும் உறுவும் ஒற்று மிகாத விதிவிலக்குகள் என்று வைத்துக்கொண்டால் என் சோதனை மற்ற இடங்களில் நிற்கும். தேர்வறையில் முப்பது விநாடியில் எதிர்மறையெல்லாம் யார் ஆக்கிப் பார்ப்பார்கள்? இருக்கட்டும். மூதுரையில் ஒன்று கேட்கிறேன். “ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு.” ஓடுமீன் வினைத்தொகை என்பதில் சண்டை இல்லை. உறுமீன்?

நாலாம்பத்தி:
இங்கேயாவது என் பட்டியல் ஜெயிக்கட்டும். உறுமீன், பெரிய மீன். உரிச்சொற்றொடர்.

ஓலைக்கட்டு:
நானும் உரி என்றுதான் எழுதுவேன், பட்டியலுக்காக அல்ல. வந்து சேரும் மீன் வரும்வரை என்று விரித்தால் ‘வருமளவும்’ என்பதோடு மோதுகிறது, உறுபசியில் பார்த்த அதே தொல்லை. ஓடுகிற சின்ன மீன்களை விட்டுவிட்டுப் பெரிய மீனுக்காகக் காத்திருக்கிறது என்றால்தான் கொக்கின் அடக்கம் தெரிகிறது.

தேர்வுக்காரி:
ஒரு சந்தேகம் ஐயா. உறுதல் என்றால் பொருந்துதல் என்றும் ஒரு பொருள் உண்டே? ‘உற்ற நண்பன்’ என்கிறோம். தனக்கு உற்ற மீன், தன் அலகுக்குத் தோதான மீன் என்று எடுத்தால் வருமளவும் என்பதோடு மோதாது. ஓடுமீன், உறுமீன் என்று இரண்டும் வினைத்தொகையாக இணையாகவும் நிற்கும். ‘உறாத மீன்’ என்று உங்கள் எதிர்மறைச் சோதனையிலும் தேறுகிறது. கொக்குக்கு ரொம்பப் பெரிய மீன் வந்தாலும் விழுங்க முடியாதே!

நாலாம்பத்தி:
அடக்கமாகக் கேள்வி கேட்க வந்தவர் ஐயாவையே மடக்கிவிட்டார்.

ஓலைக்கட்டு:
மடக்கவில்லை, ஆனால் தள்ளிவிடவும் முடியாத வாதம். தேர்வில் உரிச்சொற்றொடர் என்று எழுதுங்கள், பெரிய மீன் என்று பொருள் சொல்லிப் பழகிய இடம் அது. தோதான மீன் என்ற பொருளுக்கு ஒரு தடை மட்டும் தெரிகிறது: ‘ஓடு’ மீனின் செயல், உங்கள் ‘உறு’ கொக்கோடு மீனுக்குள்ள உறவு. இணை என்று சொல்ல இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. ஆனாலும் இதை மட்டும் வைத்து உங்கள் வாதம் தவறு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடைசிப்பெஞ்ச்:
எல்லோரும் மீன் பிடிக்கப் போய்விட்டீர்கள். என் ‘மிக’ என்ன ஆயிற்று?

ஓலைக்கட்டு:
மிகு என்ற வினையடியிலிருந்து வந்த ‘செய’ வாய்பாட்டு வினையெச்சம், உண்ண, ஓட மாதிரி. நன்னூல் அந்த ஆறு சொல்லுக்கும் பொருள் சொல்லத்தான் ‘மிகல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ‘மிக’ பட்டியலில் இல்லை. உங்கள் திருத்துநர் இதை நினைத்திருப்பார்.

நாலாம்பத்தி:
இதில் நான் கடைசிப்பெஞ்ச் பக்கம். “மிக நல்ல” என்பதில் யார் மிகுகிறார்கள்? ‘உண்ண வந்தான்’ என்றால் உண்ண ஒரு ஆள் இருக்கிறான். மிகவுக்கு எழுவாயே கிடையாது. வினைக்குரிய உயிர் அதில் போய்விட்டது. செய்யுளில் நனி செய்கிற வேலையை இன்றைய உரைநடையில் மிக செய்கிறது. பொருளைப் பார், பொருளைப் பார் என்று இவ்வளவு நேரம் சொன்னவர், இங்கே மட்டும் வினையடியைப் பிடித்துக்கொள்வது எப்படி நியாயம்?

ஓலைக்கட்டு:
நன்னூல் உரிச்சொல்லைச் ‘செய்யுட்கு உரியன’ என்கிறது. உரைநடைச் சொல்லை அதற்குள் இழுக்க எனக்குத் தயக்கம். வினையடை என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

நாலாம்பத்தி:
நன்னூலின் நால்வகையில் வினையடை என்று ஒரு பெட்டி இல்லையே ஐயா. நான்கில் ஒன்றைச் சொல்லுங்கள்.

கடைசிப்பெஞ்ச்:
சரி, அந்த அரை மதிப்பெண்ணுக்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?