தனி வீடு பார்த்திருக்கிறோம் (பெரிய வீட்டுப் பிள்ளைகள் குழு)

கவிதா: எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். 26 வாரப் பிரசவ விடுப்பு அடுத்த மாதம் 10ஆம் தேதி முடிகிறது. மாமியார் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 11,000. போகலாமா?

சாந்தி சித்தி: மாமியாரோடு சண்டையா, கண்ணு?

கவிதா: சண்டையே இல்லை, சித்தி. மொட்டைமாடிக்குப் போகும் படி எங்கள் அறைக்குள் இருக்கிறது. துணி காயப்போட, வற்றல் எடுக்க, தொட்டியில் தண்ணீர் பார்க்க என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. நேற்றுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வாளியோடு உள்ளே வந்தவர், அப்படியே திரும்பி ஓடினார். பாவம், என்னைவிட அவருக்குத்தான் கூச்சம்.

முருகேசன் மாமா: வெளிப்பக்கம் இரும்புப் படி வைத்து, அந்தக் கதவைப் பூட்டிவிட்டால் தீர்ந்தது. நான் அப்படித்தான் செய்தேன். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் துருப்பிடித்துவிடும், அவ்வளவுதான்.

பிரபு: தனியாகவே போ. எல்லா அலுவலகத்திலும் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

செல்வி அக்கா: எல்லா அலுவலகத்திலும் இல்லை, பிரபு. 2017இல் வந்த திருத்தம் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான். கவிதா, உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர்?

கவிதா: 18 பேர், அக்கா. அத்தை பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

செல்வி அக்கா: அப்படியானால் பிள்ளை பகலில் எந்த வீட்டில் தூங்கும் என்பதை முதலில் பேசு. நாங்களும் இரண்டு தெரு தள்ளித்தான் போனோம். காலை எட்டேகாலுக்குப் பிள்ளை, பை, எடுத்து வைத்த தாய்ப்பால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓட்டம். போனதும் பாலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அதுகூடப் பரவாயில்லை. இரவு ஏழரைக்குக் கூப்பிடப் போனால் அவள் தூங்கியிருப்பாள். எழுப்பினால் நள்ளிரவு வரை அழுகை. எழுப்பாவிட்டால் அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. வாடகை வீட்டில் பல்லிதான் குடியிருந்தது.

சாந்தி சித்தி: 😂 பிறகு?

செல்வி அக்கா: ஐந்து மாதம் கழித்து மாற்றிக்கொண்டோம். மாமியார் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளை தன் தொட்டிலிலேயே தூங்கியது. நாங்கள் வந்ததும் அவர் கிளம்பிவிடுவார். ஆனால் மாமனாருக்கு மதியச் சாப்பாடு யார் போடுவது என்று ஒரு வருத்தம் முளைத்தது. அது கடைசிவரை தீரவில்லை.

கவிதா: நாங்கள் பார்த்தது இரண்டாவது மாடி, அக்கா. லிஃப்ட் இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி.

செல்வி அக்கா: தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்க முடியுமா? வாடகையைவிட அதுதான் கேள்வி.

பிரபு: ஆயா வைத்துக்கொள்ளலாமே?

கவிதா: அத்தை இருக்கும்போது ஆயா வைத்தால் அவர் மனம் நோகும், அண்ணா.

முருகேசன் மாமா: இரும்புப் படி போட்டவரின் எண் அனுப்பட்டுமா?

கவிதா: அனுப்புங்கள், மாமா. வீட்டுக்காரர் முன்பணத்துக்கு ஞாயிறு வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். அதற்குள் தரைத்தளத்தில் ஏதாவது கிடைக்கிறதா என்றும் பார்க்கிறேன்.