மெயின் டாஸ்க்கில் வாட்ச்டாக் ஃபால்ட்: தவறு எங்கே?

பேனல்_வேலன்:
வணக்கம். பேக்கிங் லைனில் காம்பாக்ட்லாஜிக்ஸ் கன்ட்ரோலர். மூன்று நாளாகத் திடீரென்று மேஜர் ஃபால்ட் வந்து லைன் நின்றுவிடுகிறது. `Type 06 Code 01`, டாஸ்க் `MainTask` என்று காட்டுகிறது. அது கன்டினியுவஸ் டாஸ்க், வாட்ச்டாக் 500 மில்லிசெகண்ட். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும் பீரியாடிக் டாஸ்க் ஒன்றும் இருக்கிறது, அதன் ஓவர்லாப் எண்ணிக்கை 0. ஆகவே அதை விட்டுவிட்டு இரண்டு இரவு மெயினையே குடைந்தேன். ஆனால் மெயினில் நான் ஒரு ரங்கூட மாற்றவில்லையே!

ஷிஃப்ட்மணி:
வாட்ச்டாக்கை 2000 ஆக்கி விடுங்கள் தம்பி, நிற்காது.

கன்வேயர்77:
எனக்கும் ரெசிப்பி மாற்றும்போது இப்படித்தான் நின்றது. அர்ரே 50 இடம்தான், இன்டெக்ஸ் 50-க்குப் போய்விட்டது. அதைச் சரிபாருங்கள்.

பேனல்_வேலன்:
அது `Type 04 Code 20` ஆயிற்றே சார், எனக்கு வருவது வேறு.

பழைய_லேடர்:
பீரியாடிக் டாஸ்க்கின் மானிட்டர் பக்கத்தில் அதிகபட்ச ஸ்கேன் நேரம் எவ்வளவு? அதை நிறுத்தி வைத்தால் மெயின் ஒரு சுற்றுக்கு எவ்வளவு எடுக்கிறது?

பேனல்_வேலன்:
லைன் நின்றிருந்தபோது பீரியாடிக்கை இன்ஹிபிட் செய்து பார்த்தேன் அண்ணா, மெயின் 40. பீரியாடிக் வழக்கமாக 8, அதிகபட்சம் 9.3. போன வாரம் அதில் ஒரு `FOR` லூப் சேர்த்தேன், பெரிய பெட்டி ரெசிப்பிக்கு அது அதிகச் சுற்று சுற்றும்.

பழைய_லேடர்:
அங்கேதான் இருக்கிறது. வாட்ச்டாக் டாஸ்க் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கடிகாரமாக ஓடும், நடுவில் பீரியாடிக் வந்து பிடுங்கிக்கொண்ட நேரமும் மெயின் கணக்கில்தான் விழும். பீரியாடிக் 8 எடுத்தால் ஒவ்வொரு 10-லும் மெயினுக்கு மிச்சம் 2, ஆக 40 மில்லிசெகண்ட் வேலை முடிய 200 ஆகும். 9.3 எடுத்தால் மிச்சம் 0.7 தான், அதே வேலைக்கு ஏறக்குறைய 571, அதாவது 500-ஐத் தாண்டிவிட்டது. 9.3 இன்னும் 10-க்குள்தான், அதனால் ஓவர்லாப் வராது. வந்தாலும் அது மைனர் ஃபால்ட்தான், லைன் நிற்காது. பட்டினி கிடப்பவன்தான் ஃபால்ட்டில் பெயர் கொடுக்கிறான், தின்றவன் இல்லை.

மணி சொன்னபடி 2000 வைத்தால் ஃபால்ட் போகலாம், ஆனால் மெயினில் உள்ள இன்டர்லாக் அரை செகண்டுக்கு ஒருமுறைதான் பார்க்கப்படும். லைன் ஓடும்போது அது எனக்குப் பிடிக்காது. லூப்பை மெயினுக்கு மாற்றுங்கள்.

ஷிஃப்ட்மணி:
சரி, இன்டர்லாக்கை நான் யோசிக்கவில்லை. பீரியாடிக்கை 20 ஆக்கினால்?

பழைய_லேடர்:
ஆக்கலாம், 9.3 போனாலும் 10.7 மிச்சம் இருக்கும். ஆனால் அதில் `PID` இருந்தால் `.UPD`-யையும் 0.01-இலிருந்து 0.02 ஆக்கணும், இல்லையென்றால் `PID` கணக்குத் தவறும்.

பேனல்_வேலன்:
லூப்பை மெயினுக்கு மாற்றினேன். பீரியாடிக் அதிகபட்சம் 6.1-க்கு இறங்கியது, பெரிய பெட்டியிலும் இரண்டு ஷிஃப்ட் ஓடிவிட்டது. ஒன்று மட்டும் இடிக்கிறது: முதல் நாள் ஃபால்ட் சின்னப் பெட்டி ஓடும்போது வந்தது, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை.

பழைய_லேடர்:
அன்று யாராவது லேப்டாப் மாட்டி ஆன்லைன் போயிருந்தார்களா, கேட்டுப் பாருங்கள்.