பொருள்: நாய் எப்போது நாயானது? சொல் வேண்டுகிறேன்

தமிழ்ச்செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாணவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு 'நாய்' என்ற கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய பதிப்பில் "ஓநாய்கள் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்படுத்தப்பட்டன" என்று இருக்கிறது. மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் 27,000 முதல் 40,000 ஆண்டுகள் என்கிறார்கள். இரண்டுக்கும் டொமெஸ்டிகேஷன் என்ற ஒரே சொல்லையே கையாள்கிறார்கள். எதை எழுதுவது, 'பழக்கப்படுத்தல்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன் எழுதியது:

அம்மா, 'பழக்குதல்' நல்ல தமிழ்ச்சொல். யானையைப் பழக்குகிறோம், ஓநாயையும் பழக்கினார்கள். புதுச்சொல் எதற்கு? காலத்தைப் பொறுத்தவரை 14,000 மிகவும் குறைவு. பெல்ஜியத்தில் கோயே குகையில் கிடைத்த மண்டையோடு சுமார் 36,000 ஆண்டுப் பழமையானது. மூக்குப்பகுதி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அது நாய்தான் என்று 2009இல் அறிவித்தார்கள். அதையே எழுதிவிடுங்கள்.

வான்மதி எழுதியது:

கதிரவன் ஐயா, யானையைச் சொன்னது நல்லதாயிற்று. காட்டில் பிடித்துப் பழக்கிய யானைக்குப் பிறக்கும் கன்று, உடலாலும் மரபணுவாலும் காட்டு யானைக்கன்றுதான். அதை மறுபடியும் பழக்க வேண்டும். நாய்க்குட்டி அப்படியல்ல, மனிதரோடு ஒட்டும் இயல்பு அதன் பிறப்பிலேயே இருக்கிறது. பழக்குவது ஒரு விலங்கின் வாழ்நாளோடு முடிந்துவிடும். இங்கே நடந்தது பல தலைமுறைகளில் ஓர் இனமே மாறியது. அதனால் 'வளர்ப்பினமாதல்' என்று முன்மொழிகிறேன். 'ஆக்கல்' என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. மனிதன் திட்டமிட்டுக் குட்டிகளை எடுத்து வளர்த்தானா, மனிதர் விட்டுச்சென்ற இறைச்சியைத் தேடி வந்த ஓநாய்களில் அச்சம் குறைந்தவை தாமாகவே நெருங்கினவா என்பது இன்னும் முடிவாகவில்லை. 'ஆதல்' இரண்டுக்கும் இடம் தரும்.

கோயே மண்டையோட்டைப் பற்றி: 2013இல் அதன் இழைமணி டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். இன்றைய நாய்களின் வழியிலோ இன்றைய ஓநாய்களின் வழியிலோ அது சேரவில்லை. தனியே கிளைத்து அற்றுப்போன வழி. வளர்ப்பினமாகும் முயற்சி ஒன்று பாதியில் நின்றதா, வெறும் குட்டைமூக்கு ஓநாயா என்று அந்த எலும்பை வைத்து மட்டும் சொல்ல முடியாது. குறுகிய தாடை, நெருக்கமான பற்கள் என்று நாய்க்கு அடையாளமாகச் சொல்பவை காட்டு ஓநாய்களிலும் அவ்வப்போது தென்படுகின்றன.

14,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அவசியம் எழுதுங்கள். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் கல்குவாரியில் 1914இல் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு விலங்கின் எலும்புகள். அதன் தாடையை முதலில் ஓநாயினுடையது என்றே வைத்திருந்தார்கள்; 1970களின் இறுதியில்தான் அது நாய் என்று அடையாளம் கண்டார்கள். ரேடியோ கார்பன் முறையில் அதன் காலம் சுமார் 14,200 ஆண்டுகள். பற்களை ஆராய்ந்த குழு 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. அது ஆறரை மாதக் குட்டி. ஐந்தாம் மாதவாக்கில் டிஸ்டெம்பர் நோய் கண்டு, சில வாரங்கள் உயிரோடு இருந்திருக்கிறது.

அந்தோணி எழுதியது:

எங்களிடம் நாட்டுநாய்கள்தாம் உண்டு. என்ன சாதி நாய் என்று எழுதப்போகிறீர்கள் என்று சொன்னால் பெயர்கள் அனுப்புகிறேன்.

வான்மதி அம்மாவிடம் ஒரு கேள்வி. எங்கள் நாய்க்குக் குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, எழுந்து நிற்கவே மாட்டாமல் கிடந்தது. கஞ்சித்தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்து பிழிந்துதான் என் மனைவி பிழைக்கவைத்தாள். இன்று பார்த்தால் பற்களில் குறுக்கே பழுப்புக் கோடும் சிறு குழிகளும் இருக்கின்றன. நோயால் வந்தது என்றார் கால்நடை மருத்துவர். நீங்கள் சொல்லும் குட்டிக்கும் அதுதானா?

வான்மதி எழுதியது:

அதேதான் ஐயா. நிலைப்பல்லின் எனாமல் ஈறுக்குள்ளேயே அடுக்கடுக்காகப் படிகிறது. அந்த நேரத்தில் வைரஸ் எனாமல் செல்களைத் தாக்கினால் அந்த அடுக்கு மட்டும் மெலிந்துவிடும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; எனாமல் புதுப்பித்துக்கொள்ளாது. ஆகவே எந்த உயரத்தில் கோடு விழுந்திருக்கிறது என்பதிலிருந்து எந்த வாரத்தில் நோய் வந்தது என்று கணக்கிடலாம். ஓபர்காசல் குட்டிக்கு நோய் ஒருமுறை தணிந்து மறுபடியும் முற்றியிருக்கிறது. உங்கள் வீட்டம்மா செய்ததைப் போல யாரோ தண்ணீர் ஊட்டித் துடைத்துவிட்டிருக்காவிட்டால் அவ்வளவு நாள் தாங்கியிருக்காது என்பது அந்தக் குழுவின் முடிவு. அந்த வயதில், அந்த நிலையில் அது வேட்டைக்கும் காவலுக்கும் உதவியிருக்காது. மூக்கின் நீளத்தை நம்பாத நான் இந்தச் சான்றை நம்புகிறேன். இது விலங்கின் வடிவத்தை அல்ல, மனிதரோடு அதற்கிருந்த உறவைக் காட்டுகிறது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

நன்றி, அம்மா. அப்படியானால் 27,000 முதல் 40,000 வரை என்பது எதன் காலம்?

வான்மதி எழுதியது:

நாயின் முன்னோரும் இன்றைய ஓநாய்களின் முன்னோரும் பிரிந்த காலம். இதற்கு எலும்பின் வயது நேரடியாகத் தேவையில்லை. இரு மரபணுத்தொகுதிகளுக்கும் இடையே எத்தனை மாற்றங்கள் என்று எண்ணி, மாற்றம் நிகழும் வேகத்தால் வகுக்கிறார்கள். இடர்ப்பாடு அந்த வேகத்தில்தான் இருக்கிறது. 2014இல் வந்த ஓர் ஆய்வு ஒரு வேகத்தைக் கொண்டு 11,000 முதல் 16,000 ஆண்டுகள் என்றது. மறு ஆண்டு சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் கிடைத்த ஓநாய் விலா எலும்பின் மரபணுவைப் படித்தார்கள். அதன் வயது சுமார் 35,000 ஆண்டு என்று ரேடியோ கார்பனால் தெரியும். அந்த ஓநாய் இறந்த பிறகு சேர்ந்த மாற்றங்கள் அதில் இருக்காது. இன்றைய ஓநாயில் கூடுதலாக இருப்பவற்றை எண்ணினால் வேகம் கிடைத்துவிடுகிறது. அது முன்பு கருதியதைவிட மிகவும் மெதுவானது. அதனால் பிரிந்த காலம் பின்னுக்குத் தள்ளிப்போயிற்று.

பிரிந்ததும் நாயாகிவிட்டது என்று பொருளில்லை. பிரிந்த கிளை பல்லாயிரம் ஆண்டுகள் காட்டு ஓநாயாகவே இருந்திருக்கலாம். அந்தக் கிளை ஓநாய்கள் இன்று அற்றுப்போய்விட்டன. எனவே இதைக் 'கால்வழிப் பிரிவு' என்று சொல்லலாம். வளர்ப்பினமாதல் அதற்குப் பின், ஓபர்காசலுக்கு முன் எப்போதோ நடந்தது. இந்த இடைவெளியைச் சுருக்கி ஒரே எண்ணாக எழுதாதீர்கள்.

கதிரவன் எழுதியது:

யானைப் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வளர்ப்பினமாதல்' பத்து வயதுப் பிள்ளையின் வாயில் நுழையுமா? மேலும், நோயில் கிடந்த குட்டிக்குத் தண்ணீர் ஊட்டியவர்கள் மனிதர்கள். 'ஆதல்' என்றால் அவர்கள் கை மறைந்துவிடுகிறது. 'வளர்ப்பினமாக்கம்' என்றே இருக்கட்டும். கோயே விலங்கை 'முன்னாய்' என்று அழைக்கலாமே.

வான்மதி எழுதியது:

ஆக்கமா ஆதலா என்பதைச் செல்வி தீர்மானிக்கட்டும். நான் ஆதலையே விரும்புகிறேன். 'முன்னாய்' மட்டும் வேண்டாம். சைபீரியாவில் தூமாத் ஊருக்கு அருகே உறைமண்ணில் 2011இலும் 2015இலும் இரண்டு குட்டிகள் கிடைத்தன. பக்கத்தில் மனிதர் அறுத்த மாமூத் எலும்புகள் இருந்ததால் அவை தொடக்ககால நாய்களாக இருக்கலாம் என்று நெடுநாள் பேசினார்கள். 2025இல் வந்த ஆய்வு அவற்றை ஓநாய்க்குட்டிகள் என்கிறது. முன்கூட்டியே நாயென்று பெயர் வைத்திருந்தால் எத்தனை பாடநூல்களைத் திருத்த வேண்டியிருக்கும்! 'கோயே குகை விலங்கு' என்று எழுதினால் போதும்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

வரைவு இதோ: "நாயின் கால்வழி இன்றைய ஓநாய்களின் கால்வழியிலிருந்து 27,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்று ஒரு மரபணுக் கணக்கு கூறுகிறது. அது வளர்ப்பினமானது அதற்குப் பிறகே. பெரும்பாலோர் ஐயமின்றி ஏற்கும் மிகப் பழைய நாய்களுள் ஒன்று, ஜெர்மனியில் மனிதரோடு புதைக்கப்பட்ட 14,200 ஆண்டுப் பழமையான குட்டி." தலைப்புச்சொல்லாக 'வளர்ப்பினமாதல்' வைத்திருக்கிறேன். கதிரவன் ஐயா, பத்து வயதுப் பிள்ளைக்கு எளிதான சொல் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிடலாம்.