காக்கா வர்றதுக்குள்ள அப்பாவுக்கு சுகர் 48

காவேரிக்கரை:
தை அமாவாசை அன்னைக்கு எங்க வீட்டுல நடந்தது இது. அப்பாவுக்கு 69 வயசு, சுகர் வந்து 14 வருஷம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு மாத்திரை. எழுந்து குளிச்சதும் காலை மாத்திரையைப் போட்டுட்டு அரை மணி நேரத்துல டிபன் சாப்பிட்டுடுவார். அதுல ஒரு நாளும் பிசகினதில்ல.

அமாவாசைன்னா ஒருபொழுது. காலையில டிபன் கிடையாது. அன்னைக்கும் பழக்க தோஷத்துல ஏழே காலுக்கு மாத்திரையைப் போட்டுட்டு அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பிட்டார். கூட்டம்னா கூட்டம். ஐயர்கிட்ட உட்கார்ந்து தர்ப்பணம் முடிச்சு, பசுவுக்கு அகத்திக்கீரை குடுத்துட்டு வீட்டுக்கு வர்றப்ப மணி பதினொண்ணே முக்கால். வயித்துல ஒரு காபி மட்டும்தான்.

அம்மா படையல் போட்டு முடிக்க பன்னிரண்டரை ஆச்சு. மொட்டை மாடியில காக்காவுக்கு வச்சுட்டு நிக்கிறோம். காக்கா வரல. அப்பா திடீர்னு அம்மாவைப் பார்த்து, "இலையை யாரு இப்படிப் போடச் சொன்னது?"ன்னு கத்தினார். நாப்பது வருஷத்துல அவர் அந்தக் குரல்ல பேசி நாங்க கேட்டதில்ல. தண்ணித் தொட்டி நிழல்லதான் நின்னார், ஆனா வேட்டி இடுப்புல ஒட்டுற அளவுக்கு வேர்வை. கையைப் பிடிச்சேன், சில்லுன்னு இருந்துச்சு.

கீழே கூட்டிட்டு வந்து மெஷின்ல பார்த்தா 48. அம்மா பதறிப்போய் ஒரு வடையும், ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியும் குடுத்தாங்க. கால் மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 51. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா குளுக்கோஸ் பொடி டப்பா கொண்டு வந்தாங்க. மூணு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுத்தோம். அடுத்த தடவை பார்த்தப்ப 94. சிரிச்சுட்டே சாப்பிட்டார், ஒரு கரண்டி பாயசம்கூட. முடிஞ்சுதுன்னு நெனச்சோம்.

சாயங்காலம் அஞ்சரைக்கு ஊஞ்சல்ல தூங்கிட்டிருந்தவரை எழுப்பினேன், உளறினார். 56. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கே போயிட்டோம். ராத்திரி முழுக்க ட்ரிப் ஏத்தி, ரெண்டு மணிக்கொரு தடவை விரலைக் குத்திப் பார்த்தாங்க. நல்லா மதியச் சாப்பாடு சாப்பிட்ட மனுஷனுக்கு சாயங்காலம் ஏன் திரும்ப இறங்கணும்? இதுதான் எனக்கு இன்னும் புரியல. யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

மாடிவீட்டு மாமா:
மாத்திரைக்காரங்களுக்கு லோ சுகர் வராது, அதெல்லாம் ஊசி போடுறவங்க பிரச்சனை. நான் 11 வருஷமா மெட்ஃபார்மின் போடறேன். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி எதையும் விட்டதில்ல. ஒரு நாள்கூட தலை சுத்தினதில்ல. உங்கப்பாவுக்கு வெயிலா இருக்கும். மெஷினையும் ஒரு தடவை செக் பண்ணுங்க.

ஓ.பி. சிஸ்டர்:
மாமா, உங்க அனுபவம் சரி, அதை எல்லா மாத்திரைக்கும் சேர்த்துச் சொன்னதுதான் தப்பு. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு பட்டினியால இப்படி இறங்கறது அபூர்வம். கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளிய தள்ளுற மாத்திரைங்க வேற. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட்னு பேர் இருக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுங்க பார்க்காது, போட்டா தள்ளும். நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இது மெட்ஃபார்மினோட ஒரே மாத்திரையா வருது. பாதிப் பேர் "நான் மெட்ஃபார்மின்தான் போடறேன்"னு நம்பிட்டிருப்பாங்க. அட்டையோட பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கிறதைப் படிங்க.

காவேரிக்கரை, அப்பா அட்டையில என்ன இருக்கு? ஆஸ்பத்திரியில கிட்னி எப்படி இருக்குன்னு கிரியேட்டினின் பார்த்தாங்களா?

காவேரிக்கரை:
இப்பதான் எடுத்துப் பார்த்தேன் சிஸ்டர். கிளிமெபிரைட் 2, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2. மூணும் ஒண்ணா இருக்கு. கிரியேட்டினின் 1.7. போன வருஷம் 1.1 இருந்துச்சு.

ஓ.பி. சிஸ்டர்:
சாயங்காலம் ஏன் இறங்குச்சுங்கிறதுக்குப் பதில் இதுலயே இருக்கு. கிளிமெபிரைட் ஒரு நாள் முழுக்க நிக்கிற மருந்து. நீங்க குடுத்த குளுக்கோஸ் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல செலவாயிடும், மாத்திரை உள்ள உட்கார்ந்தே இருக்கும். கிட்னி மந்தமானா அது வெளியேற இன்னும் நேரமாகும். அதனாலதான் இந்த வகை மாத்திரையால இறங்கினவங்களை ஒரு தடவை ஏறினதும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், ராத்திரி வச்சுப் பார்ப்போம். 94 வந்ததும் நிம்மதியாத் தூங்க விட்டது உங்க தப்பு இல்ல, யாருமே அப்படித்தான் நெனப்பாங்க.

இன்னொண்ணு, வோக்லிபோஸ். சாப்பாட்டுல இருக்கிற மாவையும் சர்க்கரையையும் குடல் உடைக்கிறதை அது தாமதப்படுத்தும். வீட்டுச் சர்க்கரையையும் உடைச்சாத்தான் ரத்தத்துல சேரும். குளுக்கோஸ் பொடிக்கு அந்த வேலையே இல்ல, நேரா ஏறும். வோக்லிபோஸ், அகார்போஸ் போடுறவங்க வீட்டுல குளுக்கோஸ் பொடி இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். ஆனா காலை ஏழேகாலுக்குப் போட்டது மதியம்வரை எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு ஸ்பூன் சர்க்கரை எப்படியும் பத்தாது, கூடவே வடையோட எண்ணெயும் பாலும் ஏறவிடாம இழுத்துப் பிடிக்கும். 51-லேயே நின்னதுக்கு ரெண்டுமே காரணமா இருக்கலாம்.

அப்பா கத்தினாரே, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மூளைக்குச் சர்க்கரை பத்தலேன்னா சிலருக்கு முதல்ல கோபம்தான் வரும். குடிச்சிருக்கார்னு ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுட்டுப் போன பேஷன்ட் ஒருத்தரை நான் பார்த்திருக்கேன்.

கரூர் டீச்சர்:
என்னுடையது ஊசிக் கதை. 30/70 மிக்ஸ், காலை 20 யூனிட், ராத்திரி 12. ஏழரைக்குப் போட்டு எட்டு மணிக்கு மூணு இட்லி. மத்த நாள்ல பன்னிரண்டே முக்காலுக்கு டப்பாவைத் திறந்துடுவேன். போன மார்ச்சில் பொதுத்தேர்வு மேற்பார்வை போட்டார்கள். பரீட்சை முடிய 1.15, விடைத்தாளை வாங்கி, எண்ணி, கட்டி ஒப்படைக்க ரெண்டாகும். மூணாம் நாள், ஒரு மணி இருக்கும், ஒரே பையனுடைய பதிவெண்ணை மூணு தடவை படிக்கிறேன், மனசில் நிற்கவில்லை. உதடு மரத்துப் போச்சு. ஹாலை விட்டு வெளியே போகக் கூச்சம். கைப்பையில் இருந்த க்ரீம் பிஸ்கட் நாலைத் தின்றேன், நடுக்கம் அடங்கவே இல்லை. கடைசியில் பி.டி. சார் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த குளுக்கோஸ்தான் காப்பாற்றியது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" காலை ஊசியில் வேகமாக வேலை செய்யும் பங்கு டிபனுக்கு, மெதுவாக வேலை செய்யும் பங்கு மதியச் சாப்பாட்டுக்கு என்றார். நான் காலையிலேயே மதியத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன் என்பது ஏழு வருஷம் ஊசி போட்டும் எனக்குத் தெரியாது! இப்போது தேர்வு நாட்களில் ஹாலுக்குள் போகுமுன் ஒரு வாழைப்பழமும் ஒரு கை சுண்டலும். பையில் பிஸ்கட்டுக்குப் பதில் குளுக்கோஸ்.

புதுமுகம் 77:
எனக்கு வெறும் வயித்துல 180-க்கு மேலதான் எப்பவும். நீங்கல்லாம் குறையுதுன்னு கவலைப்படறீங்க, குறைஞ்சா நல்லதுதானே? டெஸ்டுக்குப் போற முன்னாடி நான் வேணும்னே ராத்திரி சாப்பாட்டை விட்டுடுவேன், மாத்திரையை மட்டும் போட்டுப்பேன். ரிசல்ட் கொஞ்சம் நல்லா வரும். கம்பு நல்லதா, ராகி நல்லதா, அதையும் சொல்லுங்க.

ஓ.பி. சிஸ்டர்:
புதுமுகம், உங்க மாத்திரை எதுன்னு சொல்லாம ராகியைப் பத்திப் பேச மாட்டேன். ராத்திரி சாப்பிடாம கிளிமெபிரைட் ரக மாத்திரையைப் போட்டா தூக்கத்துலயே இறங்கும். யாரும் பார்க்க மாட்டாங்க. காலையில தலைவலி, நனைஞ்ச தலகாணி, கெட்ட கனவு இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் குடுக்கப் போற காலையிலயும் மாத்திரையைப் போட்டுட்டுப் போய் லேப் வரிசையில நிக்காதீங்க. ரத்தம் குடுத்துட்டு டிபனோட போடுங்க. டெஸ்ட்டுக்காகப் பட்டினி கிடந்தா டாக்டர் தப்பான கணக்கைப் பார்த்து மருந்து எழுதுவார், அவ்வளவுதான்.

வடமராட்சி:
எங்கட அம்மம்மாவுக்கு நடந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். கிளிக்லசைட் குளிசையை மட்டும் விடாமல் போட்டவா. நாலாம் நாள் விடிய எழுப்ப, ஆள் எழும்பேல்லை. மாமா பயத்தில சீனித் தண்ணியைக் கரைச்சு வாய்க்குள்ள ஊத்திப்போட்டார். அது நெஞ்சுக்குள்ள போட்டுது. 1990 நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து, ஊசியில குளுக்கோஸ் ஏத்த ஆள் கண் முழிச்சிட்டா. ஆனால் நுரையீரலில கிருமி பிடிச்சு பத்து நாள் ஆசுப்பத்திரியில கிடந்தவா. சுகர் இறங்கினதை விட அந்தத் தண்ணிதான் அவவைப் படுத்தினது.

ஓ.பி. சிஸ்டர்:
இதை எல்லாரும் படிங்க. கூப்பிட்டா பதில் சொல்லி, தானா முழுங்குற நிலையில இருந்தா மட்டும்தான் வாய்வழியா. இல்லேன்னா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. வாயில எதுவும் போடாதீங்க.

மாடிவீட்டு மாமா:
சிஸ்டர் சொன்னதும் போய் அட்டையைப் பார்த்தேன். என்னுது வெறும் மெட்ஃபார்மின்தான். ஆனா வீட்டுக்காரி அட்டையில கிளிமெபிரைட் 1 இருக்கு. அவளும் என்னோட சேர்ந்து சஷ்டி இருக்கா. பி.பி.க்கு மெட்டோப்ரோலால் வேற போடறா. படபடப்பே வந்ததில்லைங்கறா.

ஓ.பி. சிஸ்டர்:
மாமா, மெட்டோப்ரோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைச்சுடும். வேர்வையை மறைக்காது. அத்தைக்குக் காரணமில்லாம வேர்த்தா உடனே மெஷின்ல பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். 70 தாண்டலேன்னா இன்னொரு தடவை. ஏறினதும் சாப்பாடு.

காவேரிக்கரை:
டாக்டர் மாத்திரையை மாத்திட்டார். கிளிமெபிரைடை எடுத்துட்டு லினாக்லிப்டின் எழுதியிருக்கார், விலை கூட. விரத நாள்ல என்ன செய்யறதுன்னு கேட்டேன், இனி அவ்வளவு பயமில்லைன்னார். ஆனா பழைய டாக்டர் போன்ல, அதே மாத்திரையைப் பாதியாக்கி முதல் சாப்பாட்டோட போட்டாலே போதும்ங்கறார். யாரைக் கேட்கறதுன்னு தெரியல.

கரூர் டீச்சர்:
கிரியேட்டினின் 1.7 என்று பழைய டாக்டருக்குத் தெரியுமா?

காவேரிக்கரை:
சொல்லல டீச்சர். நாளைக்கு ரிப்போர்ட்டை அனுப்பறேன். அப்பாகிட்ட தர்ப்பணத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர் பாலாவது குடிங்கன்னேன். அதுக்கு முதல்ல ஐயரைக் கேட்கணுமாம். அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு.